இடமா, வலமா: ரௌத் போட்ட அட்டவணை

நீராவி எஞ்சினின் வேகத்தைத் தானே சீராக்கும் சுழல் குண்டுக் கவர்னரைச் சென்ற வாரம் பார்த்தோம். எஞ்சின் வேகமெடுத்தால் குண்டுகள் விலகி உயரும், நீராவி வால்வு குறுகும், வேகம் தணியும். விளைவைப் பார்த்துச் செயலைத் திருத்தும் இந்த ஏற்பாட்டைத்தான் இன்று பின்னூட்டம் என்கிறோம்.

கவர்னரைக் கூர்மையாக்கப் போனபோது ஒரு சிக்கல் தலைகாட்டியது. வேகம் சற்று மாறினாலும் வால்வைப் பலமாகத் திருப்பும்படி அமைத்தால், எஞ்சின் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கத் தொடங்கியது. கிரீனிச் வானாய்வகத்தின் தலைவர் ஜார்ஜ் ஏரிக்கும் இதே தொல்லை. பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் தொலைநோக்கியை ஒரே சீராகத் திருப்ப அவர் பயன்படுத்திய கவர்னர் கட்டுமீறி ஆடியது. அந்த ஆட்டத்தைச் சமன்பாடுகளால் ஆராய்ந்து 1840-இல் அவர் எழுதினார்.

எந்தக் கவர்னர் ஆடும், எது அடங்கும் என்பதற்குப் பொதுவான கணக்கு 1868-இல் வந்தது. ‘கவர்னர்கள் பற்றி’ என்ற கட்டுரையில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் அதை எழுதினார். ஒரு பின்னூட்ட அமைப்பின் வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்து ஒரு பின்னமாக எழுதலாம். அந்தப் பின்னத்தின் பகுதி, s என்ற மாறியில் அமைந்த ஒரு பல்லுறுப்புக் கோவை. இன்றைய மொழியில் சொன்னால், அமைப்பின் குணம் முழுவதும் அந்தப் பகுதியைச் சுழியாக்கும் மூலங்களில் இருக்கிறது. மூலம் −2 என்றால், அமைப்புக்கு நேர்ந்த குலுக்கல் நேரம் செல்லச் செல்லத் தேயும். +2 என்றால் வளரும். மூலங்கள் கலப்பெண்களாக ஜோடியாக வந்தால் அமைப்பு ஊசலாடும்; அந்த ஊசல் தேயுமா வளருமா என்பதை மெய்ப்பகுதியின் குறி சொல்லும். ஆகவே எல்லா மூலங்களும் கலப்பெண் தளத்தின் இடப் பாதியில் இருக்க வேண்டும். வலப்பக்கம் ஒன்றே ஒன்று போனாலும் அமைப்பு கைவிட்டுப் போகும்.

மூன்றாம் படிச் சமன்பாடு வரை இதற்கான நிபந்தனையை மேக்ஸ்வெல் கண்டுபிடித்துவிட்டார். அதற்கு மேல் முழுமையாக முடியவில்லை என்று கட்டுரையிலேயே சொல்லி, கணித அறிஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தடை மிகப் பெரியது. ஐந்தாம் படியிலிருந்தே சமன்பாடுகளின் மூலங்களை மூலக்குறிகளால் தரும் பொதுவான சூத்திரம் இருக்கவே முடியாது என்று நார்வேயின் ஆபெல் 1824-லேயே நிறுவியிருந்தார்.

விடை கொண்டுவந்தவர் எட்வர்ட் ஜான் ரௌத். கனடாவின் கியூபெக்கில் 1831-இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் 1854-ஆம் ஆண்டு முதலிடம் அவருக்கு, இரண்டாமிடம் மேக்ஸ்வெல்லுக்கு. பிறகு அதே தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்வதையே தொழிலாகக் கொண்டு, இருபதுக்கும் மேற்பட்ட முதலிடங்களை உருவாக்கினார். ஆடம்ஸ் பரிசுக்கு இயக்க நிலைத்தன்மையைப் பொருளாக அறிவித்தார்கள். தேர்வாளர்களில் மேக்ஸ்வெல்லும் ஒருவர். 1877-இல் பரிசை வென்றது ரௌத்தின் கட்டுரை. மூலங்கள் எங்கே என்று அவர் தேடவில்லை. எத்தனை மூலங்கள் வலப்பக்கம் என்று மட்டும் கேட்டார். அந்தச் சிறிய கேள்விக்குக் கெழுக்களை வைத்துக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

ஓர் அமைப்பை எடுத்துச் செய்து பார்ப்போம். பின்னூட்டத்தோடு சேர்ந்த அதன் பகுதி `s³ + s² + 2s + K`. இதில் K என்பது கவர்னரின் கூர்மை. எவ்வளவு பலமாகத் திருத்துகிறது என்ற அளவு. கெழுக்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு வரிசைகளில் எழுத வேண்டும். மீதி வரிசைகள் அவற்றிலிருந்து பிறக்கும்.

```
s³ |  1      2
s² |  1      K
s¹ |  2−K    0
s⁰ |  K
```

மூன்றாம் வரிசை வந்த விதம் இது: மேல் இரண்டு வரிசைகளில் கீழ் முதலெண்ணை மேல் இரண்டாம் எண்ணால் பெருக்கு, அதிலிருந்து மேல் முதலெண், கீழ் இரண்டாம் எண் இவற்றின் பெருக்கலைக் கழி, கீழ் முதலெண்ணால் வகு. அதாவது `(1×2 − 1×K)/1`. நான்காம் வரிசைக்கும் இதே விதி. எத்தனை படியானாலும் இதே விதியால் இறங்கிக்கொண்டே போகலாம்.

இனி முதல் நெடுவரிசையை மட்டும் மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். குறி எத்தனை முறை மாறுகிறதோ, அத்தனை மூலங்கள் வலப்பக்கம். இங்கே 1, 1, 2−K, K நான்கும் நேர்க்குறியாக இருக்க வேண்டுமானால் K சுழிக்கு மேலும் 2-க்குக் கீழும் இருக்க வேண்டும். இரண்டுதான் எல்லை. மூன்றாம் படிக்கு மேக்ஸ்வெல் கண்ட நிபந்தனையும் இதையேதான் சொல்கிறது.

எல்லையைத் தாண்டி K-ஐ 8 என்று வைப்போம். கெழுக்கள் 1, 1, 2, 8, எல்லாம் நேர்க்குறி. பார்த்தவுடன் பயப்பட ஒன்றுமில்லை என்றே தோன்றும், அங்கேதான் பலர் ஏமாறுவார்கள். ஒரு கெழு எதிர்க்குறியாக இருந்தால் அமைப்பு நிச்சயம் நிலையற்றது. எல்லாம் நேர்க்குறியாக இருந்துவிட்டால் மட்டும் நிலையானதாகிவிடாது. அட்டவணையின் முதல் நெடுவரிசை 1, 1, −6, 8 என்று வருகிறது. குறி இருமுறை மாறுகிறது, ஆகவே வலப்பக்கம் இரண்டு மூலங்கள். சரிபார்க்கலாம்: இந்தக் கோவை `(s+2)(s²−s+4)` என்று பிரியும். ஒரு மூலம் −2. மற்ற இரண்டின் மெய்ப்பகுதி +0.5. வினாடியைக் கால அலகாகக் கொண்டால் ஓர் ஊசலுக்கு ஏறத்தாழ 3.2 வினாடி, ஒவ்வோர் ஊசலும் முந்தையதைப்போல் ஐந்து மடங்கு. இரண்டு மூன்று ஊசல்களுக்குள் வால்வு தன் எல்லையில் போய் முட்டும்.

K சரியாக 2 என்றால் மூன்றாம் வரிசை முழுவதும் சுழி. கணக்கு நின்றுபோனதுபோல் தெரியும் அந்த இடமே ஒரு செய்தி. மேல் வரிசையைச் சமன்பாடாக்கினால் `s² + 2 = 0`. மூலங்கள் இடமும் இல்லை, வலமும் இல்லை, நடுக்கோட்டிலேயே உட்கார்ந்திருக்கின்றன. அமைப்பு வளராமலும் தேயாமலும் 4.4 வினாடிக்கு ஒருமுறை ஆடிக்கொண்டே இருக்கும்.

ரௌத்தின் வேலை இங்கிலாந்துக்கு வெளியே அதிகம் எட்டவில்லை. சூரிக்கில் நீர்விசை டர்பைன்களின் கட்டுப்பாட்டை ஆராய்ந்த ஆரெல் ஸ்டோடோலா, அதே கேள்வியைத் தன் சக பேராசிரியர் அடால்ஃப் ஹுர்விட்ஸிடம் கேட்டார். ரௌத்தை அறியாமலேயே ஹுர்விட்ஸ் 1895-இல் அணிக்கோவைகளால் விடை தந்தார். ஸ்டோடோலா அதை டாவோஸ் டர்பைன் நிலையத்தில் பயன்படுத்தினார். இரு வழிகளும் ஒரே முடிவைத் தருபவை என்பதால் ரௌத்–ஹுர்விட்ஸ் சோதனை என்று இரு பெயரும் இன்று சேர்ந்தே வழங்குகின்றன.

இந்தச் சோதனைக்கு வரம்புகளும் உண்டு. K 1.9 என்றால் அட்டவணை ‘நிலையானது’ என்றுதான் சொல்லும். ஊசல் அடங்க எவ்வளவு நேரமாகும் என்று சொல்லாது. இயக்கத்தின் சிறு அசைவுகளுக்கே அந்தச் சமன்பாடு பொருந்தும். எல்லாவற்றுக்கும் முதலாக, கையில் ஒரு பல்லுறுப்புக் கோவை இருக்க வேண்டும். செய்தி போய்ச் சேரும் தாமதம் கணக்குக்குள் வந்தால் பகுதியில் அடுக்குக்குறிச் சார்பு நுழைகிறது. அதற்கு முடிவான படி கிடையாது, அட்டவணையில் எழுத வரிசைகளும் கிடையாது.

1920-களின் இறுதியில் அமெரிக்கத் தொலைபேசிப் பொறியாளர்கள் நின்ற இடம் அதுதான். அவர்களிடம் அளந்து பெற்ற வளைவுகள் இருந்தன, அட்டவணைக்கு ஏற்ற சமன்பாடு இல்லை. அந்த வளைவுகளை வைத்தே 1932-இல் விடை சொன்னவர் ஹாரி நைக்விஸ்ட். அவருடைய வழியை அடுத்த வாரம் பார்ப்போம்.