இரு தொட்டிகள், மூன்று குழாய்கள்: சந்தியிலிருந்து எழுதும் விடை

இரு தொட்டிகளின் நீர்மட்ட வேறுபாடு 12 மீ. மேல் தொட்டியிலிருந்து 300 மி.மீ. விட்டமும் 600 மீ நீளமும் உள்ள குழாய் புறப்படுகிறது. ஒரு சந்தியில் அது 200 மி.மீ., 150 மி.மீ. விட்டங்களில், தலா 400 மீ நீளமுள்ள இரு கிளைகளாகப் பிரிந்து கீழ்த் தொட்டியில் சேர்கிறது. டார்சி உராய்வுக் குணகம் 0.02. ஓட்டம் எவ்வளவு? வழக்கமாக, 'சமானக் குழாய்' சூத்திரத்தை எழுதி எண்களை இட்டு முடித்துவிடுகிறோம். விடையைச் சந்தியின் ஆற்றல் மட்டத்திலிருந்து எழுத வேண்டும் என்பது என் வாதம். அப்படி எழுதினால்தான் தவறு தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு குழாயிலும் உராய்வு இழப்பு h = KQ²; இங்கே K = 8fL/(π²gD⁵). மீட்டர், விநாடி அலகுகளில் K மதிப்புகள் முறையே 408, 2066, 8705. சந்தியில் ஆற்றல் மட்டம் ஒன்றுதான். இரு கிளைகளும் சென்று சேரும் நீர்மட்டமும் ஒன்றே. ஆகவே இரண்டிலும் இழப்பு சமம். கூட்ட வேண்டியது ஓட்டங்களை. 1/√K மதிப்புகள் 0.0220, 0.0107, கூடுதல் 0.0327. கிளைகளின் கூட்டு K 934. முதல் குழாய் இவற்றுடன் தொடராக இருப்பதால் மொத்தம் 1342. Q = √(12/1342) = 0.0946, அதாவது விநாடிக்கு 94.6 லிட்டர். முதல் குழாயில் இழப்பு 3.65 மீ, கிளைகளில் 8.35 மீ. கிளை ஓட்டங்கள் 63.6, 31.0 லிட்டர்.

கிளைகளின் இழப்புகளையும் தொடர் போலக் கூட்டுபவருக்கு 32.8 லிட்டர்தான் கிடைக்கும். 150 மி.மீ. கிளையை அடைத்துவிட்டாலே 69.6 லிட்டர் ஓடும். கூடுதல் வழி திறந்தால் ஓட்டம் குறையுமா? இதைவிட நுட்பமான பிழை, ஓட்டத்தைக் குறுக்குவெட்டுப் பரப்பின் விகிதத்தில் பிரிப்பது. அப்போது ஒரு கிளையில் 7.6 மீட்டரும் மற்றதில் 10.1 மீட்டரும் இழப்பு வரும். ஒரே சந்திக்கு இரு மட்டங்கள் இருக்க முடியாது.

ஒரு பிழை மட்டும் இந்தச் சோதனைகளுக்குத் தப்பிவிடும். நம் பாடநூல்கள் பலவற்றில் சூத்திரம் 4fLV²/2gD என்றிருக்கும். அதற்குரிய f இங்கே 0.005. அதில் 0.02-ஐ இட்டால் எல்லா ஓட்டங்களும் சரிபாதியாகும். விகிதங்கள் மாறாததால் எதுவும் முரண்படாது. எந்தக் குணகம் என்பதை விடையின் முதல் வரியிலேயே எழுதிவிடுவதுதான் காப்பு.

நுழைவாய், வெளியேற்ற இழப்புகளை விட்டிருக்கிறோம். இவ்வளவு நீளக் குழாய்களில் அவை சேர்ந்தும் கால் மீட்டர் அளவே. நீளம் பத்து மீட்டராக இருந்தால் விட முடியாது.

சமானக் குழாய் சொல்லாத ஒன்றும் உண்டு. சந்தியின் ஆற்றல் மட்டம் கீழ்த் தொட்டி நீர்மட்டத்துக்கு 8.35 மீ மேலே. மேட்டு நிலம் கருதிச் சந்தியை 9 மீ உயரத்தில் அமைத்தால் அங்கே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்துக்குக் கீழே போகும். நீரில் கரைந்த காற்று பிரிந்து மேட்டில் தேங்கி, கணக்கிட்ட ஓட்டத்தைக் குறைக்கும்.