எல்லைத் தோட்டங்களில் சுற்றறிக்கை, மெமோ, அறிவிப்பு

அலுவலகக் கையேடுகள் சுற்றறிக்கை, மெமோ, அறிவிப்பு ஆகிய மூன்றையும் வடிவத்தைக் கொண்டே பிரிக்கின்றன. எண் எங்கே வரும், தேதி எங்கே வரும், கையெழுத்து எங்கே என்று சொல்லி முடித்துவிடும். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களின் தோட்டங்களுக்கு இந்தப் பிரிவினை உதவாது. அங்கே நிர்வாகக் காகிதம் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ உருவாகிறது. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பகுதியினர் தமிழர். காகிதம் யாரைச் சேர வேண்டும், சேர்ந்தபின் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதே மூன்றையும் பிரிக்கிறது என்பது என் வாதம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். காலை எட்டு மணி மஸ்டரை ஏழரைக்கு மாற்ற ஒரு தோட்ட நிர்வாகம் முடிவு செய்கிறது. மேலாளர் முதலில் எழுதுவது பெரும்பாலும் சுற்றறிக்கைதான். அது பீல்டு ஆபீசருக்கும் சூப்பர்வைசருக்கும் தொழிற்சாலை எழுத்தருக்கும் போகும். அவர்கள் படித்து ஒப்பமிட்டு, தங்கள் பங்கைச் செய்ய வேண்டும்: வருகைப் பதிவேட்டைத் திருத்துவது, கொழுந்து எடைபோடும் நேரத்தை மாற்றுவது, லாரியை முன்கூட்டி வரச்சொல்வது. சுற்றறிக்கையின் வேலை இவ்வளவே. இதை மஸ்டரில் வாசித்துக் காட்டிவிட்டால் தொழிலாளியும் கட்டுப்பட்டுவிடுவார் என்று நிர்வாகம் நினைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

வேலை நேரமும் இடைவேளையும் சட்டம் தனியே பட்டியலிட்ட பொருள். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், 9ஏ பிரிவில், இத்தகைய மாற்றத்துக்கு முன்பு பாதிக்கப்படுவோருக்கு அறிவிப்பு கொடுத்து 21 நாள் காத்திருக்கச் சொன்னது. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பின் 40ஆம் பிரிவிலும் அதே 21 நாள்தான். மார்ச் 1 அன்று அறிவிப்பு ஒட்டினால், அன்றைய நாளைக் கணக்கில் சேர்க்காமல், 22ஆம் தேதி முடியும்வரை பழைய நேரமே. ஏழரை மஸ்டர் 23இல்தான் தொடங்க முடியும். பெயர் சொல்லி எவரிடமும் கொடுக்கப்படாத காகிதம் எல்லோரையும் கட்டுப்படுத்துகிறதென்றால், அது உரிய இடத்தில், உரிய காலம் ஒட்டப்பட்டிருந்தது என்ற ஒரே காரணத்தால்தான். எனவே எங்கே, எந்தத் தேதியில், எந்த மொழியில் ஒட்டினோம் என்ற குறிப்பு கோப்பில் இல்லாவிட்டால் தகராறு வரும்போது நிர்வாகத்தின் கையில் ஒன்றும் இருக்காது.

சங்கச் செயலாளருக்குப் படி அனுப்பியாயிற்று என்பது வழக்கமான சமாதானம். படி அனுப்புவது தேவைதான். ஆனால் 2015 செப்டம்பரில் மூணாறில் இருபது சதவீத போனஸ் கேட்டுப் பெண் தொழிலாளர்கள் சாலையில் அமர்ந்தபோது, சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்துத்தான் அமர்ந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ அப்படித்தான் பிறந்தது. சங்கத்துக்குத் தெரிந்தது தொழிலாளிக்கும் தெரியும் என்ற கணக்கு அதற்குப் பிறகும் செல்லும் என்று எனக்குத் தோன்றவில்லை. லயத்துக்குப் போகும் வழியிலும் எடைபோடும் இடத்திலும் தமிழில் ஒட்டுவதே பாதுகாப்பு. நிலையாணைகளை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் நுழைவாயிலருகே ஒட்டவேண்டும் என்று 1946ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது.

மெமோவின் நியாயம் வேறு. 23ஆம் தேதிக்குப் பிறகு ஒரு பெண் தொடர்ந்து எட்டு மணிக்கே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘தாமதமாக வருவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று பலகையில் எழுதுவது அவருக்குக் கொடுத்த மெமோ ஆகாது. அவர் பெயர், எந்தெந்த நாள், எத்தனை மணி, நிலையாணையின் எந்தப் பிரிவு, எத்தனை நாளுக்குள் விளக்கம் தரவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். எஸ்டேட்டில் ‘மெமோ கொடுத்துட்டாங்க’ என்றால் வேலைக்கு ஆபத்து என்றே பொருள். ஆகவே சாதாரண நினைவூட்டலுக்கு மெமோவை எடுப்பது வீண் பீதி. அவர் படிக்கத் தெரியாதவராக இருந்தால் இரு சாட்சிகள் முன்னிலையில் தமிழில் வாசித்துக்காட்டி, அதையும் காகிதத்திலேயே எழுதிக் கையொப்பம் வாங்கவேண்டும். மெமோவை அவர் வாங்க மறுத்தால், மறுத்ததைச் சாட்சிகள் பதிவு செய்யட்டும், பிறகு பதிவுத் தபாலில் அனுப்பலாம். பின்னர் உள்விசாரணை நடந்தால் முதலில் கேட்கப்படுவது இந்தப் பதிவுதான். புரியாத மொழியில் கேட்கப்பட்ட விளக்கத்துக்குப் பதில் வராததை ஒப்புதலாக எடுத்துக்கொள்வது முறையல்ல.

பாலக்காட்டுப் பக்கம் படம் கொஞ்சம் மாறுகிறது. சித்தூர் வட்டத்தில் பலருக்குத் தமிழ் வீட்டுமொழி. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளிலோ வட இந்தியத் தொழிலாளர்கள் கணிசமாக இருக்கிறார்கள். மூணாறுத் தோட்டங்களிலும் ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் வந்துவிட்டார்கள். ‘பெரும்பான்மையோர் மொழி’ என்ற அளவுகோல் இங்கே திணறுகிறது. பெரும்பான்மைக்குத் தமிழில் ஒட்டி நிர்வாகம் சட்டத்தை நிறைவேற்றிவிடலாம். அதே நாளில் ஒரு சந்தாலிக் குடும்பத்துக்கு நேர மாற்றம் தெரியாமலே போகும். அவர்கள் வரிசைக்கு மட்டும் சூப்பர்வைசர் இந்தியில் வாய்மொழியாகச் சொல்லிப் பதிவேட்டில் தேதியிட்டுக் குறிக்கலாம். அந்த உத்தரவைச் சூப்பர்வைசருக்குத் தரச் சுற்றறிக்கையே போதும்.