உச்ச பிட்வீதமும் பஃபர் அளவும்: சப்ரகமுவ தோட்டப்பகுதிக் காணொளிப் பாடங்களை முன்வைத்து

காணொளிக் குறியாக்கத்தில் உச்ச பிட்வீதம் என்பது, காணொளி ஒரு விநாடிக்குச் சராசரியாக எத்தனை பிட்டுகளுக்கு மேல் கேட்கக்கூடாது என்று விதிக்கும் வரம்பு. பஃபர் அளவு என்பது, அந்த வரம்பைக் கொஞ்ச நேரத்துக்கு மீற எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்பதைச் சொல்லும் எண். வேகம் கட்டுப்படுத்தப்பட்ட இணைப்பில் ஒரு பாடம் தடங்கலின்றி ஓடுவதும் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்பதும் பெரும்பாலும் இந்த இரண்டையும் பொறுத்தவை.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் இவற்றைச் சரியாக அமைக்க வேண்டிய தேவை 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது கண்கூடாகத் தெரிந்தது. பலாங்கொடை, இறக்குவானை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை போன்ற இடங்களில் தோட்டங்கள் மலைச்சரிவிலும் பள்ளத்தாக்கிலும் கிடக்கின்றன. கோபுரத்துக்கும் லயனுக்கும் இடையே ஒரு மேடு குறுக்கிட்டால் சிக்னல் பாதியாகிவிடும். பெரும்பாலான வீடுகளில் இணையம் என்றால் கைப்பேசியில் போடும் டேட்டா அட்டைதான், அதையும் இரண்டு மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆக இங்கே கட்டுப்பாடு இரண்டு வகை. ஒன்று விநாடிக்கு எவ்வளவு வரும் என்ற வேகம், மற்றது மாதத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற கொள்ளளவு. இவ்விரண்டையும் ஒரே அமைப்பால் சமாளிக்க முயல்வதால்தான் பலரின் காணொளிகள் இரண்டிலும் தோற்கின்றன.

சராசரி பிட்வீதம் குறைவாக இருந்தால் போதும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் காணொளியை நிறுத்துவது சராசரி அல்ல, உச்சம். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் காட்சிக்கு மிகக் குறைந்த பிட்டுகளே போதும். அவர் பக்கத்தைப் புரட்டினாலோ கேமரா நகர்ந்தாலோ அந்த விநாடிக்குத் தேவை பல மடங்கு ஏறும். தரத்தை நிலையாக வைக்கும் CRF முறையில் குறியாக்கி அந்தத் தேவையைத் தயங்காமல் கொடுத்துவிடும், இணைப்பின் வேகம் அதற்குத் தெரியாது.

இதற்கான கணக்கு எம்பெக் தரங்களிலேயே உண்டு. VBV எனப்படும் அந்தக் கற்பனை மாதிரியில், பார்ப்பவரின் கருவியில் ஒரு தண்ணீர்த் தாங்கி இருப்பதாகக் கொள்கிறார்கள். உச்ச பிட்வீதம் அதற்குள் வரும் குழாயின் வேகம், பஃபர் அளவு தாங்கியின் கொள்ளளவு. ஒவ்வொரு படச்சட்டமும் தன் பிட்டுகளை மொத்தமாக அள்ளிச் செல்லும். தாங்கி ஒருபோதும் வற்றக்கூடாது என்பதே குறியாக்கிக்கு இடப்படும் கட்டளை. தாங்கியின் அளவைச் சொல்லாமல் குழாயின் வேகத்தை மட்டும் சொன்னால், எத்தனை விநாடிக்குள் கணக்கைச் சரிபார்ப்பது என்பதே தெரியாது. அதனால்தான் x264 குறியாக்கியில் `-maxrate` மட்டும் கொடுத்தால், பதிவில் `VBV maxrate specified, but no bufsize, ignored` என்ற எச்சரிக்கை வரும். அதாவது வரம்பு நடைமுறைக்கே வரவில்லை. கோப்பு நன்றாகத்தான் உருவாகும், வரியைக் கவனிக்காதவருக்குக் குறை தெரியாது.

எடுத்துக்காட்டாக 40 நிமிடக் கணிதப் பாடம் ஒன்று, விநாடிக்கு 1000 கிலோபிட்டுக்கு மேல் வராத இணைப்பில் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முழு 1000-ஐயும் காணொளிக்குக் கொடுப்பது தவறு. ஒலிக்கு ஒரு பங்கு வேண்டும், நெட்வொர்க் தலைப்புகளுக்குக் கொஞ்சம் போகும், மாலையில் கோபுரத்தில் கூட்டம் கூடும்போது வேகம் இறங்கும். ஒலிக்கு 64, காணொளிக்கு 700 என்று வைத்தால் கால்வாசிக்குச் சற்றுக் குறைவான இடம் மிஞ்சும்.

```
ffmpeg -i paadam.mp4 -vf scale=-2:480 -r 25 \
 -c:v libx264 -preset slow -crf 24 \
 -maxrate 700k -bufsize 1400k -g 50 \
 -c:a aac -b:a 64k -ac 1 \
 -movflags +faststart paadam_480.mp4
```

இதில் பஃபர் 1400 கிலோபிட், உச்ச வீதத்தின் இரண்டு மடங்கு. எந்த ஒரு காலத் துண்டிலும் காணொளி எடுக்கக்கூடிய அதிகபட்சம், உச்ச வீதத்தை விநாடிகளால் பெருக்கிப் பஃபரைக் கூட்டினால் வருவது. பத்து விநாடிக்கு அது 8400 கிலோபிட். ஒலியின் 640-ஐச் சேர்த்தால் 9040. இணைப்பு தரக்கூடியது 10,000, ஆகவே தப்பிவிடும். இதே கட்டளையில் பஃபரை 7000 ஆக்கினால் அந்தப் பத்து விநாடிக்கு 14,640 தேவைப்படலாம், உச்ச வீதம் மாறவே இல்லை என்றாலும். மிக மோசமான நிலையில், பாடம் தொடங்குமுன் கருவி சேர்த்து வைக்க வேண்டியது ஏறத்தாழ பஃபர் அளவை இணைப்பின் வேகத்தால் வகுத்தால் வரும் விநாடிகள். முதலாவதற்கு அது 1.4, இரண்டாவதற்கு 7. சேர்த்து வைக்காமல் தொடங்கும் பிளேயர் பக்கம் புரளும் இடத்தில் நின்றுவிடும்.

அப்படியானால் பஃபரை இன்னும் சுருக்கிவிடலாமே என்று தோன்றும். அதற்கும் விலை உண்டு. `-g 50` என்பதால் 25 சட்டம் ஓடும் காணொளியில் குறைந்தது இரண்டு விநாடிக்கு ஒரு முழுச்சட்டம் வரும். முழுச்சட்டம் மற்றவற்றைவிடப் பன்மடங்கு பெரியது. தாங்கி சிறிதானால் அது கொள்ளாது, குறியாக்கி அந்தச் சட்டத்தின் தரத்தைக் குறைத்துத் திணிக்கும். பலகையில் உள்ள எழுத்து இரண்டு விநாடிக்கொரு முறை மங்கித் தெளிவதாகக் கண்ணுக்குப் படும். அந்தத் துடிப்பைக் கண்டால் பஃபரைக் கூட்ட வேண்டும், அல்லது முழுச்சட்ட இடைவெளியை நீட்ட வேண்டும். படம் முழுதும் எப்போதும் கட்டம் கட்டமாக உடைந்தால் 700 கிலோபிட்டுக்கு 480 வரிகளே அதிகம் என்று பொருள். அப்போது 360-க்கு இறங்குவதே நல்லது. சிறிய தெளிவான எழுத்து, பெரிய கலங்கிய எழுத்தைவிடப் பிள்ளைக்கு உதவும். பதிவில் `VBV underflow` என்று வந்தால், தரத்தை எவ்வளவு குறைத்தும் அந்தச் சட்டம் தாங்கியில் அடங்கவில்லை என்பது அதன் செய்தி.

மாதக் கொள்ளளவை இந்த வரம்பு காப்பதில்லை. அது CRF-இன் வேலை. மேற்கண்ட பாடம் எப்போதும் உச்சத்தில் ஓடினால் 40 நிமிடத்துக்கு 229 மெகாபைட் ஆகும். எழுத்து மட்டுமே உள்ள காட்சிகளில் ஒலியும் சேர்ந்து சராசரி 300 கிலோபிட்டில் நின்றால் 90 மெகாபைட்தான். CRF எண்ணை 18 என்று மிகக் கீழே வைத்தால் குறியாக்கி கிடைக்கும் இடத்தையெல்லாம் தின்னும், காணொளி உச்சத்தோடு ஒட்டியே ஓடும், அட்டை சீக்கிரம் தீரும். காட்சியில் ஒரு மாற்றமும் இல்லாதபோதும் வீதத்தை நிரப்பி வைக்கும் நிலையான பிட்வீத முறையைத் தோட்டத்துப் பார்வையாளருக்காகத் தேர்ந்தெடுப்பது அவர்களின் காசை வீணாக்குவதாகும்.

முடிந்த கோப்பைச் சோதிக்காமல் அனுப்பக்கூடாது. கீழுள்ள கட்டளை ஒவ்வொரு சட்டத்தின் நேரத்தையும் பைட்டில் அதன் அளவையும் தரும்.

```
ffprobe -v error -select_streams v \
 -show_entries packet=pts_time,size \
 -of csv=p=0 paadam_480.mp4
```

அளவுகளைப் பத்துப் பத்து விநாடியாகக் கூட்டி 8-ஆல் பெருக்கினால் பிட்டுகள் வரும். எந்தத் துண்டிலும் 84 இலட்சத்தைத் தாண்டக்கூடாது.

இவையெல்லாம் கோப்பு மாறாமல் பார்ப்பவரைச் சென்றடையும்போதே பொருந்தும். யூடியூபில் ஏற்றினால் அது தன் அமைப்பில் மீண்டும் குறியாக்கிவிடும், நாம் வைத்த வரம்பு அங்கே தங்காது. வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினாலும் அது சுருக்கப்படும். ஆவணமாக அனுப்பினால் மாறாது, ஆனால் முழுதாக இறக்கிப் பார்ப்பவருக்கு உச்சம் முக்கியமில்லை, மொத்த அளவுதான் முக்கியம். பாடசாலையின் சொந்த வழங்கியிலிருந்து ஓடும் பாடங்களுக்கும் நேரலை வகுப்புகளுக்குமே இந்த எண்கள் நேரடியாக உதவும். நேரலையில் பெரிய பஃபர் தாமதத்தைக் கூட்டும் என்பதால், உச்ச வீதத்துக்குச் சமமாகவோ அதற்குக் குறைவாகவோ வைப்பது வழக்கம்.

மழை நாளில் வேகம் 500 கிலோபிட்டுக்குக் கீழே இறங்கினால் மேற்கண்ட கோப்பு உச்சத்தில் ஓடும் இடங்களில் நிற்கும். அதற்கு எந்தப் பஃபர் அமைப்பும் மருந்தாகாது. 300 கிலோபிட் உச்சம், 600 பஃபர், 48 கிலோபிட் ஒலி என்று இன்னொரு பிரதியையும் தயாரித்து வைத்தால், வேகத்துக்கேற்பத் தானே மாறும் ஒளிபரப்பு முறையிலோ, இரண்டு பிரதிகளில் ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுத்தோ பாடத்தைத் தொடரலாம்.