பாவுவின் வயல், அரசியின் கணக்கு

டைகிரிஸ், யூப்ரடிஸ் ஆறுகளின் கீழ்ச் சமவெளியில் இருந்தது லகாஷ் நாடு. அதன் கிர்சு நகரில், கி.மு. 2350-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பாவு என்னும் பெண்தெய்வத்தின் களஞ்சியத்தில் மாதந்தோறும் பார்லி அளந்து கொடுத்தார்கள். நெசவுக்காரப் பெண்ணுக்கு 18 அல்லது 24 சிலா, அவள் குழந்தைக்கு 12 சிலா. ஒரு சிலா ஏறத்தாழ ஒரு லிட்டர். 18 சிலா வாங்கியவளுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல்தான் கிடைத்தது. அதற்காக அவள் மாதம் முழுவதும் கம்பளி நெய்தாள்.

இப்படி அளந்ததை எழுதிய களிமண் ஏடுகள் ஏறத்தாழ 1,700 கிடைத்துள்ளன. உழவர், மீனவர், மதுக் காய்ச்சுவோர், ஆடு மேய்ப்போர் என ஏறத்தாழ ஆயிரம் பேர் இந்த ஒரு கோயிலை நம்பி இருந்தார்கள். நிலம் மூன்று வகை. ஒன்று, கோயில் தானே பயிரிட்டது. இன்னொன்று, ஊழியருக்கு ஜீவனத்துக்கு விட்டது. மூன்றாவது குத்தகை நிலம். ஜீவன நிலம் பெற்றவர்களுக்கு ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே பார்லி. அவர்கள்தான் வாய்க்கால் வெட்டினார்கள், போர் வந்தால் படைக்கும் போனார்கள். நிலமில்லாதவர்கள் மாதந்தோறும் களஞ்சியத்தையே எதிர்பார்த்தார்கள்.

இவ்வளவையும் நிர்வகித்தது யார்? கோயிலின் தலைவர் ‘சங்கா’. பூசையைவிட வயலும் மந்தையும் பண்டசாலையுமே அவருடைய பெரிய பொறுப்பு. நின்கிர்சு கோயிலின் சங்காவாக இருந்த எனென்தர்சி பின்னர் நாட்டை ஆண்டார் என்பதிலிருந்தே அந்தப் பதவியின் பலம் தெரிகிறது. பாவுவின் சொத்தோ அரசியின் கையில் இருந்தது. ஆட்சியாளர் லுகலந்தாவின் மனைவி பரநம்தரா காலத்தில் ஏடுகள் அதை ‘பெண்ணின் இல்லம்’ என்றே குறித்தன.

அடுத்து ஆட்சிக்கு வந்த உருஇனிம்கினா இதையெல்லாம் மாற்றியதாகச் சாசனம் எழுதினார். கடவுளின் எருதுகள் ஆட்சியாளரின் வெங்காயப் பாத்தியை உழுதன என்று அது குற்றம் சாட்டுகிறது. பூசாரிகளையும் அது விடவில்லை. பிணம் புதைக்க 7 சாடி மதுவும் 420 ரொட்டியும் வாங்கப்பட்டன. அவர் அதை 3 சாடி, 80 ரொட்டி என்று குறைத்தார். துக்க வீட்டில் 420 ரொட்டி கேட்பது எவ்வளவு பெரிய கொடுமை! இந்தக் குறைப்பு ஏழைகளுக்கு மெய்யான உதவி என்றே நினைக்கிறேன். கோயில் சொத்து விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. ‘பெண்ணின் இல்லம்’ ஏடுகளில் ‘பாவுவின் இல்லம்’ ஆனது. ஆனால் அதை நடத்தியவர் உருஇனிம்கினாவின் மனைவி ஷாஷா!

இந்த ஏடுகளை ஆராய்ந்த ஆன்டன் டைமல், 1931-இல், சுமேர் நிலம் முழுவதும் கோயில்களுக்கே சொந்தம் என்று முடிவு கட்டினார். பல ஆண்டுகள் பாடநூல்களும் அதையே சொல்லின. ஆனால் ஒரு கோயிலின் கணக்கேட்டில் அந்தக் கோயிலின் நிலம் மட்டும்தானே இருக்கும்? வெளியே இருந்த குடும்பச் சொத்து அதில் பதிவாக வழியில்லை. பின்னர் ஆய்வாளர்கள் தியாகனோவும் கெல்பும் அதை எடுத்துக்காட்டினார்கள். உருஇனிம்கினாவுக்கு முன்பே, அதே லகாஷில், முதலாம் எனன்னதும் மன்னரின் மகன் லும்மதுர் குடும்பங்களிடம் விலை கொடுத்து வயல் வாங்கிய ஆவணங்களும் நம்மிடம் உள்ளன.