ஒரு வேலைக் கடிதத்துக்கு உரை

வேலை கிடைத்துவிட்டதாக வாட்ஸ்ஆப்பில் வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில்தான் இருக்கின்றன. அந்த வார்ப்பிலான மாதிரிக் கடிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு, வரிவரியாக உரை சொல்லிப் பார்க்கலாம்.

“1998 முதல் இயங்கிவரும் எங்கள் பிரைவேட் லிமிடெட் நிறுவனம். பதிவு அலுவலகம்: கிண்டி, சென்னை. சி.ஐ.என்.: U72900DL2021PTC\*\*\*\*\*\*”

கடிதத்திலேயே நமக்கு அதிகம் உதவும் வரி இதுதான். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, ஒரு கம்பெனி தன் கடிதத்தாளில் பெயர், பதிவு அலுவலக முகவரி, சி.ஐ.என். எனும் அடையாள எண் ஆகியவற்றை அச்சிட்டாக வேண்டும். எண்ணே இல்லாத ‘பிரைவேட் லிமிடெட்’ கடிதம் வந்தால் அங்கேயே சந்தேகம் தொடங்கலாம்.

இந்த எண்ணுக்கு 21 இடங்கள். முதலில் உள்ள U, பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனி என்று சொல்கிறது. அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை. DL டெல்லி, தமிழ்நாடு என்றால் TN என்றிருக்கும். 2021 கம்பெனி பதிவான ஆண்டு. PTC என்பது பிரைவேட் லிமிடெட். கடைசி ஆறும் பதிவு எண்; அவற்றை இங்கே மறைத்திருக்கிறேன்.

இப்போது கடிதமே கடிதத்தை மறுக்கிறது. 1998 என்கிறார்கள், எண் 2021 என்கிறது. இதற்குச் சமாதானம் உண்டு: கூட்டு வியாபாரமாக நடந்தது பின்னால் கம்பெனியாகியிருக்கலாம். ஆனால் பதிவு அலுவலகம் சென்னை, எண்ணில் டெல்லி என்பதற்குச் சமாதானம் கிடையாது. பதிவு அலுவலகம் மாநிலம் மாறினால் எண்ணும் மாறிவிடும்.

அடுத்து mca.gov.in தளத்தில் கம்பெனியின் அடிப்படை விவரங்களைத் தேட வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. பதிவான பெயர், முகவரி, தேதி, இயக்குநர்கள், நிலை எல்லாம் வரும். நிலை என்ற இடத்தில் Strike Off என்றிருந்தால் அந்தப் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

Active என்று வந்தால்? பலர் நிம்மதியடைந்து ஏமாறுவது இங்கேதான். கம்பெனி இருக்கிறது என்பது ஒன்று, இந்தக் கடிதத்தை எழுதியது அந்தக் கம்பெனிதான் என்பது வேறொன்று. இல்லாத கம்பெனியைக் கற்பனை செய்ய மோசடிக்காரர்கள் மெனக்கெடுவதில்லை. இருக்கிற கம்பெனியின் பெயரையும் எண்ணையும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த எண்கூட டெல்லியில் ஒழுங்காக மென்பொருள் தொழில் நடத்தும் யாருடையதாகவோ இருக்கலாம். அவர்களுக்குச் சென்னையில் ஆள் எடுக்கும் செய்தியே தெரிந்திருக்காது.

“தொடர்புக்கு: hr@…-careers.in”

கம்பெனியின் பெயரோடு ஒரு கோடும் ‘careers’ என்ற ஒட்டும். அந்தப் பெயர் கம்பெனியின் சொந்தத் தளப் பெயர்தானா என்று பாருங்கள். WHOIS தேடலில் ஒரு தளப் பெயர் எப்போது பதிவானது என்று தெரியும். போன மாதம் பதிவாகியிருந்தால், 1998 கதை என்ன ஆகும்? பிறகு கம்பெனியின் சொந்தத் தளத்திலுள்ள எண்ணுக்கு நீங்களே பேசி, இந்தக் கடிதம் அவர்களுடையதா என்று கேளுங்கள். கடிதத்திலுள்ள எண்ணில் கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும்.

“பயிற்சி வைப்புத்தொகை ரூ. 8,500. முதல் சம்பளத்தோடு திருப்பித் தரப்படும்.”

திருப்பித் தருவதற்காக எதற்கு வாங்க வேண்டும்? யு.பி.ஐ.யில் பணம் அனுப்புமுன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். கம்பெனியின் பெயருக்குப் பதில் தனிமனிதர் பெயர் வந்தால் ஆராய்ச்சி முடிந்தது. ஜி.எஸ்.டி. எண் போட்ட ரசீது காட்டினால் அதன் ஆறாவது எழுத்தைப் பாருங்கள். அந்த எண்ணுக்குள் பான் எண் அடங்கியிருக்கிறது. கம்பெனி என்றால் அங்கே C இருக்கும், P இருந்தால் தனிநபர்.

வெளிநாட்டு வேலைக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே பதிவுபெற்ற முகவர் சேவைக் கட்டணம் வாங்கலாம், உச்சவரம்பு ரூ. 30,000, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. முகவர் பதிவு பெற்றவரா என்பதை emigrate.gov.in தளத்தில் பார்க்கலாம்.

“ஆதார், பான், ரத்து செய்த காசோலை, கையெழுத்து மாதிரி உடனே அனுப்பவும்.”

பணத்தைவிட இது பெரிய இழப்பாகலாம். இந்த நான்கும் சேர்ந்தால் உங்கள் பெயரில் கடன் கேட்கவோ கணக்குத் தொடங்கவோ வழி பிறக்கும். உண்மையான நிறுவனமும் இவற்றைக் கேட்கும், ஆனால் வேலையில் சேரும் சமயத்தில். அதற்கு முன் அடையாளம் காட்டியே ஆக வேண்டுமென்றால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைத் தரவிறக்கி, யாருக்கு, எதற்கு என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

“24 மணி நேரத்துக்குள்.”

மேலே சொன்னதையெல்லாம் பார்க்கவிடாமல் செய்வதே இந்த வரியின் வேலை.

பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் புகார் சேர்ந்தால்தான் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.