ரெகுலஸ் சேர்க்கை

பிறந்த ஜாதகத்தில் ஒரு கிரகமோ லக்னமோ ரெகுலஸ் விண்மீனோடு ஏறத்தாழ ஒரே பாகையில் நிற்பதை மேற்கத்திய ஜோதிடத்தில் ரெகுலஸ் சேர்க்கை என்பர். நாம் மகம் என்று அழைக்கும் நட்சத்திரக் கூட்டத்தின் பிரகாசமான மீன் இதுவே. சூரியன் செல்லும் பாதையிலிருந்து இது அரைப் பாகையே விலகியிருப்பதால், கிரகங்கள் வானில் உண்மையாகவே இதன் அருகே வந்துபோகின்றன.

இரண்டாம் நூற்றாண்டில் தாலமி இதற்குச் செவ்வாய், வியாழன் ஆகியவற்றின் இயல்பைக் கூறினார். அதிகாரமும் புகழும் தரும் என்ற பலன் அதிலிருந்து வளர்ந்தது. 1923-இல் விவியன் ராப்சன் எழுதிய நூலோ உயர்வையும், நிலைக்காத படைப்புகழையும், சிறைவாசத்தையும் இதே மீனுக்குச் சேர்த்தே சொல்கிறது. ஏறினாலும் விழுந்தாலும் பலன் பலித்ததாகிவிடும் என்பதே இதன் முதல் குறை.

அடிக்கடி காட்டப்படும் உதாரணம் டொனால்ட் டிரம்ப். அவர் 1946 ஜூன் 14 அன்று காலை 10.54-க்கு நியூயார்க்கில் பிறந்தார். சாயன முறைப்படி அவருடைய லக்னம் சிம்மத்தின் கடைசிப் பாகையின் முடிவில் விழுகிறது. அவ்வாண்டு ரெகுலஸ் 29 பாகையைச் சற்றே தாண்டி இருந்தது. இடைவெளி ஒரு பாகைக்கும் குறைவு. எனவே இன்றைய ஜோதிடர்கள் பலர் ஏற்கும் ஒரு பாகை வரம்புக்குள் சேர்க்கை அமைகிறது. ஆனால் அந்த ஊரில் சிம்ம லக்னம் ஒரு பாகை நகர ஐந்து நிமிடம் போதும். உண்மையில் பிறந்த நேரம் பதிவானதைவிட அவ்வளவு பிந்தியதாக இருந்தால் சேர்க்கையே கிடையாது. அதே ஊரில் தினமும் பத்து நிமிடம் போல லக்னம் இந்த வரம்புக்குள் இருக்கும். அப்போது பிறக்கும் குழந்தைகள் எல்லாருக்கும் இதே அமைப்புதான்.

இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். இருபுறமும் ஒரு பாகை வைத்தால் 360 பாகையில் ஒரு மீனுக்கு 2 பாகை கிடைக்கும். ரெகுலஸ், ரோகிணியின் அல்டெபரான், கேட்டையின் அன்டாரஸ், ஃபோமல்ஹாட் ஆகிய நான்கையும் அரச விண்மீன்கள் என்பர். சூரியன் முதல் சனி வரை ஏழு கிரகங்கள், லக்னம், உச்சி என ஒன்பது புள்ளிகளை இவற்றோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு சேர்க்கை அகப்படும். பிரபலங்களின் ஜாதகத்தில் மட்டும் தேடுகிறவருக்கு இது தெரியாமல் போகிறது.

அயன சலனத்தால் ரெகுலஸ் 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகர்கிறது. 2012 வாக்கில் சாயனக் கன்னிக்குள் வந்துவிட்டது. பழைய விண்மீன் பட்டியலை அப்படியே எடுத்தாள்வது பிழை. மக நட்சத்திரத்தில் பிறந்தவரோடும் இதைக் குழப்பக் கூடாது: அது நிராயணச் சிம்மத்தின் முதல் 13 பாகை 20 கலையில் சந்திரன் இருப்பது மட்டுமே. சாதாரண மக்களின் ஜாதகங்களையும் சேர்த்து ஒப்பிடாதவரை, இந்தச் சேர்க்கை புகழ் தரும் என்பதற்குப் பிரபலங்களின் பட்டியல் சான்றாகாது.