வெற்றியாளரின் சாபம்: மெக்சிகோ வளைகுடா எண்ணெய் ஏலங்களின் வரலாறு

ஏலத்தில் ஒரு பொருளை வென்றவர், வென்ற காரணத்தாலேயே அதற்கு அதிக விலை கொடுத்தவராக ஆகிவிடும் நிலையைப் பொருளியலில் 'வெற்றியாளரின் சாபம்' என்பார்கள். எல்லா ஏலங்களிலும் இது நேர்வதில்லை. ஓர் ஓவியத்தைத் தன் வீட்டுச் சுவரில் மாட்ட விரும்பும் இருவர் போட்டியிட்டால், அதன் மதிப்பு ஒவ்வொருவருக்கும் வேறு. அங்கே அதிகம் விரும்பியவர் அதிகம் கொடுக்கிறார், அவ்வளவுதான். ஆனால் கடலடியில் உள்ள எண்ணெய் அப்படிப்பட்டதல்ல. யார் எடுத்தாலும் கிடைப்பது ஏறத்தாழ அதே எண்ணெய், விற்பதும் அதே சந்தையில். மதிப்பு எல்லோருக்கும் ஒன்றே, ஆனால் அது எவ்வளவு என்பது ஏலத்தின்போது யாருக்கும் தெரியாது. இத்தகைய ஏலத்தைப் 'பொதுமதிப்பு ஏலம்' என்பர். இதில் மறைந்திருக்கும் பொறியை முதலில் விளக்கமாக எழுதியவர்கள் பேராசிரியர்கள் அல்லர், எண்ணெய் நிறுவனமொன்றின் பொறியாளர்கள்.

அமெரிக்காவின் கரைக்கு அப்பாலுள்ள கடற்படுகையைக் குத்தகைக்கு விடும் அதிகாரத்தை நடுவண் அரசுக்கு 1953ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. அடுத்த ஆண்டே மெக்சிகோ வளைகுடாவில் ஏலங்கள் தொடங்கின. கடற்படுகை பெரும்பாலும் 5,000 அல்லது 5,760 ஏக்கர் கொண்ட தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு தொகுதிக்கும் நிறுவனங்கள் தங்கள் தொகையை எழுதி, மூடி முத்திரையிட்ட உறையில் கொடுக்க வேண்டும். உறைகள் ஒரே நாளில் எல்லோர் முன்னிலையிலும் பிரிக்கப்படும். அதிகத் தொகை எழுதியவருக்குக் குத்தகை, அவர் எழுதிய தொகையே விலை. எண்ணெய் கிடைத்தால் அதில் ஆறில் ஒரு பங்கு அரசுக்குத் தனியே சேரும். கிடைக்காவிட்டால் கட்டிய பணம் திரும்பி வராது.

நிறுவனங்கள் கண்ணை மூடிக்கொண்டு தொகை எழுதவில்லை. ஏலத்துக்கு முன்பு கப்பல்களிலிருந்து நில அதிர்வு ஆய்வு செய்து, கடலடிப் பாறை அடுக்குகளின் படத்தை வரைந்தார்கள். ஆனால் அந்தப் படம் அடுக்குகளின் வடிவத்தைத்தான் காட்டும். அவற்றில் இருப்பது எண்ணெயா உப்புநீரா என்பது துளையிட்ட பிறகுதான் தெரியும். எனவே ஒரே கடற்பகுதியை ஆய்ந்த திறமையான நிலவியலாளர்கள் ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபட்ட மதிப்பீடுகளுக்கு வந்தார்கள்.

அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேப்பன், கிளாப், கேம்பெல் ஆகிய மூவரும் 1971இல் பெட்ரோலியத் தொழில்நுட்ப இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெயும் எரிவாயுவும் தாராளமாக இருந்தும், அங்கே பணம் போட்ட நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த ஆதாயம் வரவில்லை என்பதுதான் அவர்களை உறுத்திய விஷயம். நிலம் மலிவாக இருந்த 1950க்கு முந்தைய காலத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், வளைகுடா தந்த வருவாய் உள்ளூர்க் கூட்டுறவுச் சேமிப்புச் சங்கம் தரும் வட்டிக்கும் குறைவு என்று அவர்கள் கணித்தார்கள். நிலவியலாளர்கள் தொடர்ந்து மிகையாக மதிப்பிட்டார்கள் என்று சொல்லிப் பழியை அவர்கள்மேல் போட்டிருக்கலாம். மூவரும் சொன்னது அதைவிட விசித்திரமான காரணம். நிலவியலாளர்களின் மதிப்பீடுகள் சராசரியாகச் சரியாகவே இருந்தாலும் நிறுவனங்கள் நட்டப்படும் என்றார்கள்.

இதை ஒரு சிறு கணக்கால் காணலாம். ஒரு தொகுதியின் உண்மை மதிப்பு 100 லட்சம் டாலர் என்று கொள்வோம். ஒவ்வொரு நிறுவனத்தின் மதிப்பீடும் 50 லட்சம் முதல் 150 லட்சம் வரை எங்கு வேண்டுமானாலும் சம வாய்ப்போடு விழலாம். யாருக்கும் ஒருபக்கச் சாய்வு இல்லை. ஒரே ஒரு நிறுவனம் மதிப்பிட்டால் அதன் சராசரி 100 லட்சம். இரண்டு நிறுவனங்கள் மதிப்பிட்டால், இரண்டில் பெரிய எண்ணின் சராசரி சுமார் 117 லட்சம். நான்கு என்றால் 130 லட்சம். ஒன்பது என்றால் 140 லட்சம். ஒவ்வொருவரின் தவறும் சராசரியில் சுழிதான். ஆனால் ஏலம் சராசரியைத் தேர்ந்தெடுப்பதில்லை, உச்சத்தைத் தேர்ந்தெடுக்கிறது. மேல்நோக்கி அதிகம் தவறியவரிடமே தொகுதி போய்ச் சேர்கிறது.

எழுதும் தொகையை மதிப்பீட்டைவிடச் சற்றுக் குறைத்துக்கொண்டால் போதாதா என்ற கேள்வி எழும். நிறுவனங்கள் அப்படித்தான் செய்தன. லாபத்துக்கு இடம் வைப்பதற்காக எல்லோரும் தம் மதிப்பீட்டில் 20 விழுக்காட்டைக் கழித்து எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், இருவர் போட்டியிடும் ஏலத்தில் வெல்பவர் சராசரியாக 93 லட்சம் கொடுக்கிறார். 7 லட்சம் மிச்சம். அதே விதியோடு ஒன்பது பேர் போட்டியிட்டால் வெல்பவர் 112 லட்சம் கொடுக்கிறார், 12 லட்சம் நட்டம். தன் 140 லட்சம் மதிப்பீட்டுக்கு 28 லட்சம் குறைவாகவே வாங்கிவிட்டதாக அவர் மகிழ்ந்துகொண்டிருப்பார். துளையிடும் கருவி பாறையைத் தொடும்வரை அந்த மகிழ்ச்சி நீடிக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி 'இத்தொகுதியின் மதிப்பு என்ன?' என்பதல்ல. 'மற்ற எட்டுப் பேரும் என்னைவிடக் குறைவாக மதிப்பிட்டிருக்கிறார்கள் என்றால், இத்தொகுதியின் மதிப்பு என்ன?' என்பதே. வெற்றிச் செய்தியோடு சேர்ந்து வரும் கெட்ட செய்தியை உறையில் தொகையை எழுதும்போதே கணக்கில் எடுத்துவிட வேண்டும். இதிலிருந்து மூவரும் பெற்ற முடிவுகள் அன்றைய நிர்வாகிகளுக்குத் தலைகீழாகத் தோன்றின. மற்றவர்களைவிடத் தகவல் குறைவாக இருந்தால் குறைத்து எழுத வேண்டும். மதிப்பீட்டில் ஐயம் கூடக்கூடக் குறைத்து எழுத வேண்டும். போட்டியாளர்கள் மூவருக்கு மேல் கூடக்கூட இன்னும் குறைத்து எழுத வேண்டும். போட்டி கடுமையானால் தொகையை ஏற்ற வேண்டும் என்பதே யாருக்கும் முதலில் தோன்றும். பொதுமதிப்பு ஏலத்தில் அந்த எண்ணம்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

அவர்கள் காட்டிய சான்றுகளில் 1969இல் அலாஸ்காவின் வடசரிவில் நடந்த ஏலம் புகழ்பெற்றது. வென்ற தொகைகளின் மொத்தம் 90 கோடி டாலர். இரண்டாவதாக வந்த தொகைகளின் மொத்தம் 37 கோடி டாலர்தான். 77 விழுக்காடு தொகுதிகளில் வென்றவர் இரண்டாமவரைப் போல் இரு மடங்கோ அதற்கு மேலோ எழுதியிருந்தார். 26 விழுக்காட்டில் நான்கு மடங்கு அல்லது அதற்கு மேல். மேலே சொன்ன கணக்கில் ஒன்பது பேர் இருந்தால் முதல் இரண்டு மதிப்பீடுகளுக்கும் இடையிலான சராசரி இடைவெளி 10 லட்சம்தான். அலாஸ்காவில் மதிப்பீடுகள் எவ்வளவு அகலமாகச் சிதறியிருந்தன என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். ஆனாலும் இடைவெளி மட்டுமே சாபத்துக்கு நிரூபணம் ஆகாது. வென்றவர் சரியாகவும் மற்றவர்கள் குறைவாகவும் மதிப்பிட்டிருக்கலாம். ஒரு நிறுவனம் தன்னைச் சோதிக்க நேரான வழி ஒன்று உண்டு. தான் வென்ற தொகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு முன்பு தந்த மதிப்பீடுகளைப் பின்னர் கிடைத்த எண்ணெயோடு ஒப்பிட வேண்டும். தோற்ற தொகுதிகளையும் சேர்த்துப் பார்த்தால் மதிப்பீடுகள் நேராகத் தெரியும். வென்றவற்றை மட்டும் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இவ்வளவு பயனுள்ள உண்மையைக் கண்டுபிடித்த நிறுவனம் அதை ஏன் ஊருக்கெல்லாம் சொன்னது என்பது சுவையான கேள்வி. தான் மட்டும் குறைத்து எழுதினால் நட்டம் வராது, ஆனால் தொகுதிகளும் அதிகம் கிடைக்காது. போட்டியாளர்களும் புரிந்துகொண்டு குறைத்தால்தான் எல்லோருக்கும் லாபம் வரும். பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் இந்தக் கோணத்தைப் பின்னாளில் சுட்டிக்காட்டினார்.

நிறுவனங்கள் உண்மையில் நட்டப்பட்டனவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1954 முதல் 1969 வரை வளைகுடாவில் விடப்பட்ட 1,223 குத்தகைகளை மீட் உள்ளிட்ட மூவர் ஆராய்ந்து 1983இல் வெளியிட்டனர். அவற்றில் 62 விழுக்காடு எதுவும் தராதவை. 16 விழுக்காட்டில் எண்ணெயோ எரிவாயுவோ கிடைத்தும் போட்ட பணம் திரும்பவில்லை. 22 விழுக்காடுதான் லாபம் தந்தன. எதிர்கால வருவாயை ஆண்டுக்கு 12.5 விழுக்காடு வீதம் கழித்து அன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தபோது, குத்தகை ஒன்றுக்குச் சராசரியாக சுமார் 1,92,000 டாலர் நட்டம். 1987இல் ஹென்ட்ரிக்ஸ், போர்ட்டர், பூட்ரோ ஆகியோர் 5 விழுக்காடு வீதத்தைப் பயன்படுத்தியபோது பொதுவாக லாபமே தெரிந்தது. எண்ணெய் பல ஆண்டுகள் கழித்தே பணமாக மாறுவதால், கழிவு வீதத்தைச் சற்று மாற்றினாலும் முடிவு புரண்டுவிடுகிறது. ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் குறைவாக எழுதியிருந்தால் இன்னும் அதிக லாபம் பெற்றிருக்கும் என்பதை இரண்டாவது ஆய்வும் காட்டியது. பணத்தை முழுதாக இழப்பது மட்டும் சாபமல்ல, எதிர்பார்த்ததைவிடக் குறைவாகப் பெறுவதும் அதில் அடங்கும் என்று கொண்டால் இரண்டு ஆய்வுகளும் அவ்வளவு தொலைவில் இல்லை.

களத்தில் உண்மை மதிப்பை யாராலும் முன்கூட்டி அறிய முடியாது என்பதால், சில ஆய்வாளர்கள் வகுப்பறைக்குப் போனார்கள். பேசர்மனும் சாமுவேல்சனும் பாஸ்டன் பல்கலைக்கழக மேலாண்மை மாணவர்களிடம் நாணயங்கள் நிறைந்த குடுவை போன்றவற்றை ஏலம் விட்டார்கள். ஒவ்வொன்றின் மதிப்பும் 8 டாலர் என்பது மாணவர்களுக்குத் தெரியாது. அவர்களின் மதிப்பீடுகளின் சராசரி வெறும் 5.13 டாலர், அதாவது வழக்கத்துக்கு மாறாகத் தாழ்வாகவே மதிப்பிட்டிருந்தார்கள். அப்படியிருந்தும் 48 ஏலங்களில் வென்ற தொகையின் சராசரி 10.01 டாலர். கூட்டமாகப் பார்த்தால் எச்சரிக்கையானவர்கள், வென்றவர் மட்டும் 2 டாலர் ஏமாந்தார்.

அனுபவம் இதைத் திருத்துமா என்று கேகலும் லெவினும் 1986இல் வெளியிட்ட சோதனையில் பார்த்தார்கள். ஏலங்களில் ஏற்கெனவே பழகியவர்கள் மூன்று, நான்கு பேர் கொண்ட குழுக்களில் லாபத்தோடு வந்தார்கள். அவர்களையே ஆறு, ஏழு பேர் கொண்ட குழுக்களில் சேர்த்தபோது மீண்டும் நட்டப்பட்டார்கள். 'கொஞ்சம் குறைத்து எழுது' என்பதை அவர்கள் கற்றிருந்தார்கள், எதிரே எத்தனை பேர் என்பதைப் பொறுத்து எவ்வளவு குறைப்பது என்பதைக் கற்கவில்லை.

விற்பவர் தரப்பிலும் ஒரு திருப்பம் உண்டு. ஏலமெடுப்பவர்கள் சாபத்தை அறிந்து எச்சரிக்கையாக இருந்தால், விற்பவர் தனக்குத் தெரிந்ததை வெளியிடுவதால் ஐயம் குறைந்து சராசரி விலை உயரும் என்று மில்குரோமும் வெபரும் 1982இல் நிறுவியிருந்தார்கள். கேகல், லெவின் சோதனையில் சிறு குழுக்களில் அப்படியே நடந்தது. பெரிய குழுக்களில் கூடுதல் தகவலைக் கொடுத்ததும் விலை இறங்கியது, ஏனெனில் அங்கே அதிகமாக எழுதிக்கொண்டிருந்தவர்களின் கண்ணை அது திறந்துவிட்டது.